ஸ்லாட் போட்டால் அலோஹாவில் எது சரிபாதியாகக் குறைகிறது?

கேள்வி: "ப்யூர் அலோஹாவின் உச்ச த்ரூபுட் 18.4%, ஸ்லாட்டட் அலோஹாவுக்கு 36.8% என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அந்த e எங்கிருந்து வருகிறது? நேரத்தைத் துண்டு போட்டதற்காக மட்டும் எப்படி மிகச்சரியாக இரண்டு மடங்கு கிடைக்கும்? ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு என்று ஏன் வரவில்லை?"

அலோஹா என்பது பலர் ஒரே ரேடியோ சேனலைப் பகிர்ந்து பாக்கெட்டுகளை அனுப்பும் முறை; த்ரூபுட் என்பது சேனலின் நேரத்தில் மோதாமல் போய்ச் சேரும் பாக்கெட்டுகளுக்குப் பயன்படும் பங்கு; ஸ்லாட் என்பது நேரத்தை வெட்டிய கட்டம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்லாட் இல்லாதபோது ஒன்றோடொன்று மோதியிருக்கக்கூடிய பாக்கெட் ஜோடிகளில், ஸ்லாட் போட்டதும் சராசரியாகச் சரிபாதி தப்பித்துவிடுகின்றன. உச்சம் இரட்டிப்பாவதற்கு முழுக் காரணமும் அதுதான். ஆனால் இரட்டிப்பு என்பது ஒரு முறையின் உச்சத்தை இன்னொரு முறையின் உச்சத்தோடு ஒப்பிடும்போது மட்டுமே உண்மை. அதே சுமையில் வைத்து ஒப்பிட்டால் நீங்கள் கேட்ட ஒன்றரை மடங்கும் வரும், மூன்று மடங்கும் வரும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

எண்களோடு பார்க்க, அலோஹா பிறந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-ல் இயக்கத் தொடங்கிய வலையமைப்பு அது. பல இடங்களில் இருந்த டெர்மினல்கள் எல்லாம் ஒரே ரேடியோ சேனலில் மையக் கணினிக்கு அனுப்பும். மையத்திலிருந்து பதில் வருவதற்கு வேறொரு அலைவரிசை. ஒரு டெர்மினல் அனுப்புவது இன்னொன்றுக்குக் கேட்காது. அதனால் சேனல் காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து அனுப்ப வழியில்லை. அனுப்ப வேண்டியது தயாரானதும் அனுப்பிவிட வேண்டியதுதான். மையத்திலிருந்து 'கிடைத்தது' என்ற ஒப்புகை குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால், மோதிவிட்டது என்று வைத்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து மறுபடி அனுப்ப வேண்டும். பாக்கெட்டின் நீளம் 704 பிட், வேகம் விநாடிக்கு 9600 பிட். அப்படியானால் ஒரு பாக்கெட் காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 73 மில்லி விநாடி. இந்த நேரத்தை T என்று அழைப்போம். இனி எல்லாவற்றையும் இந்த T-ஐ அலகாக வைத்தே அளக்கலாம்.

இரண்டு குறியீடுகள்தான் தேவை. G என்பது ஒரு T நேரத்தில் சராசரியாக எத்தனை பாக்கெட்டுகள் அனுப்பத் தொடங்கப்படுகின்றன என்பது. S என்பது அவற்றில் எத்தனை மோதாமல் போய்ச் சேருகின்றன என்பது. G-யில் புதிய பாக்கெட்டுகள் மட்டும் அல்ல, மோதிவிட்டு மறுபடி அனுப்பப்படுபவையும் சேர்த்தி. இதைப் பிரித்துப் பார்க்காமல் 'G என்றால் பயனர்கள் தரும் சுமை' என்று நினைத்துவிட்டால் பின்னால் வரும் எதுவும் பொருந்தாது. பயனர்கள் தரும் புதிய சுமை, வலையமைப்பு நிலையாக ஓடும்வரை, S-க்குச் சமம். உள்ளே வரும் அளவு வெளியே போனால்தானே தேக்கம் இல்லாமல் இருக்கும்?

இனி ஒரே ஒரு பாக்கெட்டைப் பின்தொடர்வோம். நம் பாக்கெட் 0 என்ற நேரத்தில் தொடங்கி T-யில் முடிகிறது. வேறொரு பாக்கெட் இதற்கு அரை T முன்னால் தொடங்கியிருந்தால், அதன் வால் நம் தலையில் இடிக்கும். அரை T கழித்துத் தொடங்கினால், அதன் தலை நம் வாலில் இடிக்கும். ஒரு பிட் அளவுக்கு மேற்பொருந்தினாலும் போதும், மையத்தில் பிழைச் சோதனை தோற்று இரண்டுமே வீணாகும். ஆகவே நம் பாக்கெட் பிழைக்க இரண்டு நிபந்தனைகள்: நமக்கு முன் T நேரத்தில் யாரும் தொடங்கியிருக்கக்கூடாது, நாம் தொடங்கியபின் T நேரத்தில் யாரும் தொடங்கக்கூடாது. மொத்தம் 2T. வகுப்பில் வல்னரபிள் டைம் என்று சொல்வது இதைத்தான். ஆபத்து நேரம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

e எங்கிருந்து வருகிறது என்பதற்கு இப்போது வழி திறந்துவிட்டது. T நேரத்தில் யாருமே தொடங்காமல் இருப்பதற்கான வாய்ப்பு என்ன? அந்த T-ஐ n சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் யாராவது தொடங்குவதற்கான வாய்ப்பு G/n. தொடங்காமல் இருப்பதற்கான வாய்ப்பு 1 − G/n. எல்லாத் துண்டுகளும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், n துண்டுகளும் அமைதியாக இருப்பதற்கான வாய்ப்பு (1 − G/n)^n. G-ஐ 0.5 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 10 துண்டுகளுக்கு 0.5987 வரும். 100 துண்டுகளுக்கு 0.6058. துண்டுகள் நுணுகிக்கொண்டே போனால் அது 0.6065-ல் வந்து நிற்கும். அதுதான் e^(−0.5). பாய்சான் பரவலில் 'பூஜ்யம்' நிகழ்வதற்கான வாய்ப்பு என்று புத்தகத்தில் ஒரே வரியில் வரும் e^(−G) இவ்வளவுதான்: ஏராளமான சின்னச் சின்ன 'யாரும் தொடங்கவில்லை'களின் பெருக்கல். கூட்டு வட்டியில் e வருகிற அதே கதவு வழியாகத்தான் இங்கேயும் வருகிறது.

நம் பாக்கெட்டுக்கு முன்பக்க அமைதி e^(−G), பின்பக்க அமைதி e^(−G). இரண்டும் வேண்டும், ஒன்றையொன்று சாராதவை, ஆகவே பெருக்க வேண்டும். தொடங்கியவை G, அவற்றில் பிழைக்கும் பங்கு e^(−2G):

S = G · e^(−2G)

இதன் உச்சத்தைக் கண்டுபிடிக்க G-யைப் பொறுத்து வகையிட்டால் e^(−2G) · (1 − 2G) வருகிறது. அது பூஜ்யமாகும் இடம் G = 1/2. அங்கே S = 1/(2e) = 0.1839. ஹவாய் எண்களில் சொன்னால், விநாடிக்கு 9600/704, அதாவது 13.64 பாக்கெட் நேரங்கள் இருக்கின்றன. உச்சத்தில் விநாடிக்கு சுமார் 6.8 பாக்கெட்டுகள் அனுப்பப்படும். அதில் சுமார் 2.5 போய்ச் சேரும்; மீதி 4.3 மோதி வீணாகும். ஒவ்வொருவரும் 60 விநாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறார்கள் என்றால் 150 பேருக்கு இந்தச் சேனல் தாங்கும். சேனலில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லையே என்று தோன்றும். ஆனால் யாரும் யாரையும் கேட்காமல், யார் முறை என்று யாரும் ஒதுக்கித் தராமல் 150 பேர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி ஸ்லாட். லாரி ராபர்ட்ஸ் 1972-ல் முன்வைத்த யோசனை இது: நேரத்தை T நீளமுள்ள கட்டங்களாகப் பிரி, யாரும் கட்டத்தின் நடுவில் தொடங்கக்கூடாது, பாக்கெட் நடுவில் தயாரானால் அடுத்த கட்டத்தின் தொடக்கம்வரை காத்திரு. யார் எந்தக் கட்டத்தில் அனுப்புவது என்ற ஒதுக்கீடு எதுவும் கிடையாது. போட்டி அப்படியேதான் இருக்கிறது. மாறியது தொடங்கும் நொடி மட்டும்.

இந்தச் சிறிய மாற்றம் என்ன செய்கிறது என்பதை மூன்று பாக்கெட்டுகளை வைத்துக் கிட்டத்தில் பார்ப்போம். அ என்ற பாக்கெட் 0.3-ல் தயாராகிறது, ஆ 1.2-ல், இ 1.7-ல். ப்யூர் அலோஹாவில் அ 0.3 முதல் 1.3 வரை ஓடும். ஆ 1.2-ல் தொடங்கிவிடுவதால் கடைசி 0.1 அளவுக்கு இடிக்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கு இடிக்காக இரண்டு முழுப் பாக்கெட்டுகள் போயிற்று. ஆ 2.2 வரை ஓடும். அதற்குள் இ 1.7-ல் நுழைந்துவிடுகிறது. மூன்றும் வீண். இதே மூன்றையும் ஸ்லாட்டில் விடுங்கள். அ காத்திருந்து 1-ல் தொடங்குகிறது. 1 முதல் 2 வரை அதற்குத் தனியாகக் கிடைக்கிறது, பிழைத்துவிடும். ஆ, இ இரண்டும் 1-க்கும் 2-க்கும் இடையில் தயாரானதால் இரண்டுமே 2-ல் தொடங்கி முழுக்க முழுக்க மோதுகின்றன. அ-ஆ இடி காணாமல் போயிற்று. ஆ-இ இடி தங்கிவிட்டது. அரைகுறை மோதல் என்பதே இப்போது கிடையாது. ஒன்று முழு மோதல், அல்லது மோதலே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்லாட் புதிதாக எந்த ஜோடியையும் மோத வைப்பதில்லை. ஒரே கட்டத்துக்குள் தயாரான இரண்டு பாக்கெட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி எப்படியும் T-ஐவிடக் குறைவு. அவை ப்யூர் அலோஹாவிலும் மோதியிருக்கும். ஆகவே ஸ்லாட்டட் அலோஹாவில் மோதும் ஜோடிகள் எல்லாம் ப்யூர் அலோஹாவில் மோதும் ஜோடிகளுக்குள் அடக்கம். எத்தனை ஜோடிகள் தப்புகின்றன என்பது மட்டுமே கேள்வி.

அதையும் கணக்கிட்டுவிடலாம். இரண்டு பாக்கெட்டுகள் d இடைவெளியில் தயாராகின்றன. d என்பது T-ஐவிடக் குறைவு, T-ஐ 1 என்று வைத்துக்கொள்வோம். முதல் பாக்கெட் கட்டத்தின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் சம வாய்ப்போடு விழலாம். இரண்டாவது பாக்கெட் அதே கட்டத்தில் விழ, முதல் பாக்கெட்டுக்குப் பின் கட்டத்தில் குறைந்தது d அளவு மிச்சம் இருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு 1 − d. இடைவெளி 0.2 என்றால் 80% வாய்ப்பில் மோதும், 0.9 என்றால் 10% வாய்ப்பில்தான் மோதும். இடைவெளி d-யும் 0 முதல் 1 வரை சம வாய்ப்போடு பரவியிருப்பதால், 1 − d-யின் சராசரி 1/2. நீங்கள் தேடிய 'மிகச்சரியாகப் பாதி' இதுதான். ஒன்றரையோ மூன்றோ வராததற்குக் காரணம் 0-க்கும் 1-க்கும் நடுப்புள்ளி அரை என்பதுதான்.

ப்யூர் அலோஹாவில் நம் பாக்கெட்டுக்குச் சராசரியாக 2G எதிரிகள் இருந்தார்கள். ஸ்லாட் அதில் பாதியைக் கழித்துவிட்டது. G எதிரிகள்தான் மிச்சம். வேறு விதமாகச் சொன்னால், நம் பாக்கெட் தயாரான கட்டத்தில் வேறு யாரும் தயாராகாமல் இருந்தால் போதும்; ஆபத்து நேரம் 2T-யிலிருந்து T-க்குச் சுருங்கிவிட்டது. பிழைக்கும் வாய்ப்பு e^(−G):

S = G · e^(−G)

இதன் உச்சம் G = 1-ல், S = 1/e = 0.3679. ஹவாய் எண்களில் விநாடிக்கு சுமார் 5 பாக்கெட், 60 விநாடிக்கு ஒன்று அனுப்புபவர்கள் 300 பேர்.

ஆபத்து நேரம் பாதியானால் உச்சம் ஏன் இரட்டிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கடைசிப் படி இருக்கிறது. இரண்டு சூத்திரங்களையும் G · e^(−kG) என்று ஒரே வடிவில் எழுதுங்கள்; ப்யூருக்கு k = 2, ஸ்லாட்டட்டுக்கு k = 1. இப்போது x = kG என்று வைத்தால் S = (1/k) · x · e^(−x) ஆகிறது. x · e^(−x) என்ற வளைவு இரண்டுக்கும் ஒன்றுதான். k அதைச் சுருக்கவோ விரிக்கவோ மட்டும் செய்கிறது. இரண்டிலும் உச்சம் x = 1-ல்தான். அதாவது, இரண்டு முறைகளிலும் உச்சத்தில் ஒரு முயற்சி வெற்றி பெறும் வாய்ப்பு ஒன்றேதான்: e^(−1), சுமார் 37%. ஸ்லாட் வெற்றி வாய்ப்பைக் கூட்டவில்லை. அதே வெற்றி வாய்ப்பில் இரட்டிப்பு முயற்சிகளைத் தாங்க வைக்கிறது. G அரையிலிருந்து ஒன்றாகிறது. S-உம் கூடவே இரட்டிக்கிறது.

அதே G-யில் ஒப்பிட்டால் விகிதம் 2 அல்ல, e^G. சுமை லேசாக, G = 0.05 என்று இருந்தால் ப்யூரில் 0.0452, ஸ்லாட்டட்டில் 0.0476, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. காலியான சாலையில் போக்குவரத்து விளக்கு வைப்பது போல. G = 0.5-ல் 1.65 மடங்கு, G = 1-ல் 2.72 மடங்கு, G = 2-ல் 7 மடங்குக்கும் மேல். ஆகவே பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும் சேனலில், எப்போதாவது ஓர் அளவீட்டை அனுப்பும் சென்சார்களுக்கு ஸ்லாட் போடுவது வீண் செலவு என்பதே என் கருத்து. கடிகாரங்களை ஒத்திசைக்கச் செலவாகும் மின்சாரத்துக்கும் சிக்கலுக்கும் ஈடாக எதுவும் திரும்பி வராது. நெரிசலில்தான் ஸ்லாட் தன் மதிப்பைக் காட்டும்.

ஸ்லாட்டட் முறையின் உச்சத்தில் கட்டங்கள் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். 36.8% கட்டங்கள் காலி, 36.8% வெற்றி, மீதி 26.4% மோதல். கட்டத்துக்குச் சராசரி ஒரு முயற்சி என்பது கச்சிதமாகத் தோன்றும். ஆனால் தற்செயலாக விழும்போது ஒரு கட்டத்தில் இரண்டும் மூன்றும் குவிந்து பக்கத்துக் கட்டம் வெறுமனே போகும். முயற்சியைக் கூட்டினால் காலிக் கட்டங்கள் குறையும், மோதல் அதைவிட வேகமாகக் கூடும். குறைத்தால் நேர்மாறாக. இந்த 37% சுவரை, யாருக்கும் யாரைப் பற்றியும் எதுவும் தெரியாத இந்த விளையாட்டில் தாண்ட முடியாது.

சூத்திரத்தை நம்ப வேண்டாம், ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கீழே உள்ள பைதான் துண்டில் T = 1. arrivals பாக்கெட்டுகள் தயாராகும் நேரங்களை உருவாக்குகிறது. pure முன் இடைவெளி, பின் இடைவெளி இரண்டும் 1-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிறது. slotted ஒரு கட்டத்தில் ஒன்றே ஒன்று விழுந்திருக்கிறதா என்று எண்ணுகிறது.

```python
import random

def arrivals(G, n):
    t, a = 0.0, []
    for _ in range(n):
        t += random.expovariate(G)
        a.append(t)
    return a

def pure(a):
    ok = sum(1 for i in range(1, len(a) - 1)
             if a[i] - a[i-1] > 1 and a[i+1] - a[i] > 1)
    return ok / a[-1]

def slotted(a):
    c = {}
    for t in a:
        c[int(t)] = c.get(int(t), 0) + 1
    return sum(1 for v in c.values() if v == 1) / a[-1]

for G in (0.05, 0.5, 1.0, 2.0):
    a = arrivals(G, 200000)
    print(G, round(pure(a), 4), round(slotted(a), 4))
```

மேலே சொன்ன எண்களுக்கு மிக அருகில் விடைகள் வரும். ஒரே வருகைப் பட்டியலை இரண்டுக்கும் கொடுத்திருப்பதால், ஸ்லாட் புதிய மோதலை உண்டாக்குவதில்லை என்பதையும் நீங்களே சரிபார்க்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம், கொடுத்த அனுமானங்களுக்குள் உறுதியான கணக்கு. அனுமானங்கள் எந்த அளவு தாங்கும் என்பதுதான் நடைமுறையில் சிக்கல். மிகப் பெரிய அனுமானம், மறு அனுப்பல்களும் சேர்ந்து G ஒரு பாய்சான் ஓட்டமாக இருக்கிறது என்பது. மோதிய இரண்டு டெர்மினல்களும் சரியாக 200 மில்லி விநாடி கழித்து மறுபடி அனுப்பினால் மறுபடியும் மோதும், அதற்கு அடுத்த முறையும் மோதும். அதனால் காத்திருப்பு தற்செயலாக இருக்க வேண்டும், பல பாக்கெட் நேரங்களுக்குப் பரந்திருக்கவும் வேண்டும். ஸ்லாட்டட் முறையில் அடுத்த K கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அதே இருவர் மறுபடி இடிக்கும் வாய்ப்பு 1/K. K வெறும் 2 என்றால் பாதி வாய்ப்பு. சூத்திரம் அங்கே பொய்த்துவிடும். K பெரிதாகப் பெரிதாகச் சூத்திரத்தை நெருங்கும். ஆனால் ஒவ்வொரு மோதலுக்கும் காத்திருக்கும் நேரமும் கூடும்.

இரண்டாவது சிக்கல் நிலைத்தன்மை. இதைத்தான் பாடத்தில் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். ப்யூர் அலோஹாவில் புதிய சுமை 0.1 என்று வைப்போம். உச்சத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம், பாதுகாப்பானதாகத் தோன்றும். G · e^(−2G) = 0.1 என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு: G சுமார் 0.13, இன்னொன்று சுமார் 1.27. சாதாரணமாக 0.13-ஐச் சுற்றி ஓடும். ஏதோ ஒரு தற்செயல் குவியலில் மறு அனுப்பல்கள் பெருகி G 0.8 வரை ஏறினாலும், அங்கே S 0.1-ஐவிட அதிகம் என்பதால் தேக்கம் தானாக வடியும். ஆனால் 1.27-ஐத் தாண்டிவிட்டால் வெளியேறுவது உள்ளே வருவதைவிடக் குறைவு. தேக்கம் கூடும், மறு அனுப்பல் கூடும், G இன்னும் ஏறும், S இன்னும் விழும். காத்திருப்பை நீட்டாத வரை தானாகத் திரும்பி வராது. ஸ்லாட்டட் முறையில் அதே 0.1 சுமைக்கு இந்த ஆபத்துக் கோடு 3.58-ல் இருக்கிறது. உச்சம் இரட்டிப்பதைவிட, நிஜ வலையமைப்பை நடத்துபவருக்கு இந்த இடைவெளிதான் ஸ்லாட்டின் பெரிய ஆதாயம்.

உச்சத்தைத் தாண்டிவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? த்ரூபுட்டை மட்டும் பார்த்தால் தெரியாது. ஒரே S இரண்டு G-களில் வருகிறது அல்லவா? முயற்சிகளில் எத்தனை பங்குக்கு ஒப்புகை வருகிறது என்று பாருங்கள். மேலே சொன்னபடி, இரண்டு முறைகளிலும் உச்சத்தில் அது 37%. அதைவிடக் கூடுதலாக இருந்தால் மலையின் இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். குறைந்தால், ஒரு பாக்கெட்டுக்கு 2.72 முயற்சிகளுக்கு மேல் ஆனால், அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். காத்திருப்பு இடைவெளியை உடனே நீட்ட வேண்டும். ஒப்புகையே தொலைந்தாலோ சிக்னல் பலவீனமாக இருந்தாலோ இந்த விகிதம் மோதல் இல்லாமலும் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு முறை அளந்து வைத்துக்கொண்டால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

மூன்றாவது, 36.8% என்பதில் கட்ட நீளமும் பாக்கெட் நீளமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் கடிகாரங்கள் சற்று முன்பின் இருக்கும். தொலைவில் இருப்பவரின் சிக்னல் தாமதமாக வரும். 300 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி விநாடி. அதற்காகக் கட்டத்தின் முடிவில் காவல் இடைவெளி விட வேண்டும். பாக்கெட்டின் நீளத்தில் a பங்கு இடைவெளி விட்டால் உச்சம் 1/(e(1 + a)). 73 மில்லி விநாடிப் பாக்கெட்டுக்கு ஒரு மில்லி விநாடி இடைவெளி பொருட்டே அல்ல. ஆனால் பாக்கெட்டே ஒரு மில்லி விநாடிதான் என்றால், a = 1, உச்சம் 1/(2e). ஸ்லாட் போட்டுச் சேர்த்ததெல்லாம் காவல் இடைவெளியில் கரைந்து ப்யூர் அலோஹாவுக்கே திரும்பிவிட்டோம்.

இது வெறும் கற்பனை எல்லை அல்ல. ஜிஎஸ்எம்மில் மொபைல் முதன்முதலாகக் கோபுரத்தைக் கூப்பிடும் ரேக் சேனல் ஸ்லாட்டட் அலோஹாதான். அங்கே கட்டத்தின் நீளம் 156.25 பிட். அதில் மொபைல் அனுப்புவது 88 பிட்; மீதி 68.25 பிட் காவல் இடைவெளி. முதல் அழைப்பின்போது மொபைல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கோபுரத்துக்குத் தெரியாது. அந்த 68.25 பிட் என்பது ஏறத்தாழ 252 மைக்ரோ விநாடி. சிக்னல் போய்வரும் தூரமாகக் கணக்கிட்டால் சுமார் 37 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மொபைலுக்குக்கூட அடுத்த கட்டத்தில் இடிக்காமல் இருக்க அது போதும். பிட் கணக்கில் பார்த்தால் 0.3679-ஐ 88/156.25-ஆல் பெருக்க வேண்டும், 0.207 வருகிறது. ப்யூர் அலோஹாவின் 0.184-ஐவிடக் கொஞ்சம்தான் மேல். ஆனாலும் அங்கே ஸ்லாட் போட்டது சரியான முடிவு. மற்ற சேனல்களுக்காகக் கட்டங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கின்றன. கட்டத்தை மீறி யாராவது அனுப்பினால் பக்கத்துக் கட்டத்தில் நடந்துகொண்டிருக்கும் பேச்சு கெடும்.

எதிர்ப்பக்கம் இழுக்கும் விஷயங்களும் உண்டு. கோபுரத்துக்கு அருகில் இருப்பவரின் சிக்னல் பலமாக இருந்தால், மோதினாலும் அவருடையது மட்டும் பிழைத்துவிடும். கேப்சர் என்று சொல்வார்கள். 'மோதினால் இரண்டும் வீண்' என்ற அனுமானம் அங்கே உடைவதால் அளந்த S சூத்திரத்தைவிட மேலே நிற்கும். ஆனால் அந்த ஆதாயம் முழுக்க அருகில் இருப்பவர்களுக்கே போகும். தூரத்தில் இருப்பவர் இன்னும் அதிகம் காத்திருப்பார். பயனர்கள் மிகக் குறைவாக இருந்தாலும் எண் மாறும். N பேர், ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் 1/N வாய்ப்போடு அனுப்பினால் ஸ்லாட்டட் உச்சம் (1 − 1/N)^(N−1). இருவருக்கு அது 0.5, 10 பேருக்கு 0.387, பயனர்கள் பெருகப் பெருக 0.368-க்கு இறங்கும். ஆய்வகத்தில் இரண்டு ரேடியோக்களை வைத்துச் சோதித்து 36.8%-ஐத் தாண்டிவிட்டது என்று வந்தால் சூத்திரத்தில் பிழை தேட வேண்டாம்; நீங்கள் அளந்தது N = 2-க்கான வளைவை.